அண்ணாச்சி கடையில் 340 ரூபாய்

அம்மா,

பருப்பும் எண்ணெயும் சேர்த்து 340 ரூபாய் என்று அண்ணாச்சி சொன்னதும் ஆப்பைத் திற. Scan என்பதைத் தொட்டால் கேமரா வரும். கல்லாவில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்ட அட்டைக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, ஆடாமல் பிடி.

ஒரு பெயர் வரும். அதை அண்ணாச்சியிடம் வாய்விட்டுப் படி. கடைப் பெயருக்குப் பதில் அவர் மகன் பெயர்கூட வரலாம்; கணக்கு யார் பேரிலோ அவர் பெயர்தான் வரும். அவருக்கே தெரியாத பெயரென்றால் அனுப்பாதே. அட்டைமேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு.

340 என்று தட்டு. பூஜ்யம் ஒன்று கூடினால் 3,400 போய்விடும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார். பிறகு ரகசிய எண். பணம் அனுப்பத்தான் அது வேண்டும், வாங்க வேண்டியதில்லை. "உங்களுக்குப் பணம் வருது, நம்பரைப் போடுங்கம்மா" என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிடு.

பச்சை டிக் வந்தால் முடிந்தது. Processing என்று சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே மறுபடி அனுப்பாதே. போன மாதம் இரண்டு தடவை கட்டினாயே, அது இப்படித்தான். வங்கி எஸ்.எம்.எஸ். வந்ததா, அண்ணாச்சியின் பெட்டி தொகையைச் சொன்னதா என்று பார். உன் கணக்கில் கழிந்தும் அவருக்குச் சேராத பணம் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். அதுவரை பழையபடி நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்.