தேதி தெரியாத தேர்வுக்கு ஒரு திட்டம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது, தினமும் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று தெரியாதவர்கள், நாட்களை விட்டுவிட்டு 'அமர்வு'களைக் கணக்கிடலாம். ஒரு மணி நேரப் படிப்பு ஓர் அமர்வு.

வினாத்தாளில் மொத்தம் 200 கேள்விகள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் பெறாவிட்டால் மற்ற விடைகள் திருத்தப்படாது. ஆகவே முதலிடம் தமிழுக்கே. அடுத்து, கணக்கு வகைகள் திரும்பத் திரும்ப வரும் திறனறிவு. பரந்து கிடக்கும் பொது அறிவு கடைசி.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பாடங்களைப் படித்து, பழைய வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள். எத்தனை அமர்வு பிடித்தது என்பதே உங்கள் வேகம். அப்படி ஒருவருக்குத் தமிழுக்கு 90, திறனறிவுக்கு 40, பொது அறிவுக்கு 120 என மொத்தம் 250 அமர்வுகள் தேவை என்று கொள்வோம். வாரம் 10 அமர்வு கிடைத்தால் 25 வாரம் ஆகும். 15 வாரத்தில் தேர்வு என்று அறிவிப்பு வந்தால் 150 அமர்வுகள்தான் மிஞ்சும். அப்போது தமிழும் திறனறிவும் 130 எடுக்கும். மீதி 20 அமர்வை அரசியலமைப்புக்கும் நடப்பு நிகழ்வுகளுக்கும் கொடுக்கலாம்.

ஐந்தில் ஓர் அமர்வைத் திருப்புதலுக்கு ஒதுக்கி, அதையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். பழைய வினாக்களில் மதிப்பெண் ஏறாவிட்டால், புதுப் பாடத்தை நிறுத்திவிட்டுத் திருப்புதலைக் கூட்டுங்கள்.