45 பக்கமாக வந்த அரட்டை

2007 ஜூலை 13, மாலை நாலரை மணி. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனம், தன் விற்பனைப் பொறியாளரை அழைத்து விளக்கம் கேட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல அவர் திறந்திருந்த யாஹூ மெசஞ்சர் கணக்கில் சொந்தப் பேச்சும் நடந்திருக்கிறதே? வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தார். ஐம்பது நிமிடம் கழித்து 45 பக்க அச்சுப்பிரதி வந்தது. சகோதரரோடும், மணக்கவிருந்த பெண்ணோடும் அவர் பேசியவை வரிக்கு வரி அதில் இருந்தன. அந்தரங்கமான பேச்சு உட்பட. அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து போன ஐந்து செய்திகளையும் விடவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி வேலை போயிற்று.

அவர் உண்மை சொல்லவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அலுவலகக் கணினியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது; அது அவருக்கும் தெரியும். ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறிய அமர்வும் 2016இல் அதையே சொன்னது. 2017 செப்டம்பர் 5 அன்று 17 நீதிபதிகள் அமர்ந்த பேரமர்வுதான், 11க்கு 6 என்ற கணக்கில், தீர்ப்பைப் புரட்டிப்போட்டது.

தடை வேறு, கண்காணிப்பு வேறு என்பதே திருப்பம். 'சொந்த வேலை கூடாது' என்று சொன்ன நிறுவனம், 'நீங்கள் எழுதுவதை நாங்கள் படிப்போம்' என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை போனது. இணையத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திய இன்னொரு ஊழியர் நீக்கப்பட்டதை அது எச்சரிக்கையாகச் சொன்னது. செய்தியின் உள்ளடக்கம் வரை பார்ப்பார்கள் என்று அதை வைத்து யார் ஊகிப்பார்?

இன்னொன்றும் இருக்கிறது. யாருக்கு, எத்தனை மணிக்குச் செய்தி போனது என்று பார்ப்பது உறையின் மேலுள்ள முகவரியைப் பார்ப்பது போல. உள்ளே எழுதியதைப் படிப்பது உறையைக் கிழிப்பது. இரண்டாவதற்குக் கனமான காரணம் வேண்டும். வேலை நேரத்தில் அரட்டை நடந்ததா என்று அறிய, மணப்பெண்ணுக்கு என்ன எழுதினார் என்பது எதற்கு? குறைவாகத் துருவி அதே காரியத்தை முடித்திருக்க முடியாதா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் கேட்கவேயில்லை என்று பேரமர்வு குறை கண்டது.

ஆகவே ஊழியர் கையெழுத்திடும் அறிவிப்பில் எந்தக் கணக்கு, எந்தச் சாதனம், போக்குவரத்தா உள்ளடக்கமா, எதற்காக, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'நிர்வாகம் கண்காணிக்கலாம்' என்ற ஒற்றை வரி இதில் எதையும் சொல்வதில்லை.

வென்ற பொறியாளருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை; உரிமை மீறப்பட்டது என்ற அறிவிப்பே போதுமென்றது நீதிமன்றம். வழக்குச் செலவுக்கு மட்டும் 1,365 யூரோ கொடுக்கச் சொன்னது, அதுவும் ருமேனிய அரசை.