கேஸ் லீக் சென்சார் வாங்கப் போறீங்களா? முன்பக்க போட்டோவை நம்பாதீங்க, லேபிளை ஜூம் பண்ணுங்க!

2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் நடந்த சமையல் கேஸ் வெடிப்பில், அடுத்தடுத்து ஒட்டி நின்ற வீடுகள் இடிந்து விழுந்தன. உயிர்களும் போயின. இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் நம்மில் பலர் போனை எடுத்து, ‘கேஸ் லீக் டிடெக்டர்’ என்று ஷாப்பிங் ஆப்பில் தேடுவோம். வரிசையாக வெள்ளை டப்பாக்கள் வரும். எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா, அதில் சில உங்க வீட்டு சிலிண்டர் கேஸைக் கண்டுபிடிக்கவே செய்யப்பட்டதில்லை!

ராசிபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஒண்ணு வாங்கப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். வெறும் போட்டோவை வெச்சு எவ்வளவு தெரிஞ்சுக்க முடியும்? நிறையவே முடியும்.

முதல் கேள்வி: இது என்ன கருவி?

தட்டு மாதிரி வட்டமா, ஓரம் முழுக்க காற்று போகும் இடுக்குகளோட, சீலிங்கில் மாட்டியிருந்தா பெரும்பாலும் அது புகையை உணரும் கருவி. கேஸ் கசிஞ்சா அது வாயே திறக்காது. ஏன்னா, கசியும் கேஸில் புகை கிடையாது.

அதிலேயே ரெண்டு ஜாதி உண்டு. நடுவில் டெஸ்ட் பட்டன், உள்ளே பேட்டரி இருந்தா, அது தனியாகவே கத்தும் வீட்டு அலாரம். பட்டனே இல்லாம சின்ன விளக்கு மட்டும் இருந்து, லேபிளில் ‘24V DC’ மாதிரி போட்டிருந்தா, அது ஹோட்டல், ஜவுளிக்கடை மாதிரியான இடங்களில் ஃபயர் அலாரம் பேனலோடு இணைக்கிற கருவி. பழைய சாமான் விற்கும் ஆப்களில் இது மலிவா கிடைக்கும். வாங்கி வீட்டு சீலிங்கில் ஒட்டினா சும்மா அழகுக்குத்தான் இருக்கும், பேனல் இல்லாம சத்தம் வராது.

கேஸ் சென்சார் பெரும்பாலும் செவ்வக டப்பா. சுவர் பிளக்கில் சொருகுற மாதிரியோ, வயரோடவோ வரும். அது வேலை செய்ய கரன்ட் வேணும். உள்ளே இருக்கும் சென்சாரை எப்பவும் சூடாவே வெச்சிருக்கணும் என்பதுதான் காரணம். அதனால பேட்டரி இல்லாத மாடல், கரன்ட் போனா தூங்கிடும்.

இரண்டாவது கேள்வி: எந்த கேஸ்?

இங்கதான் முக்கால்வாசி பேர் ஏமாறுறாங்க. லேபிளில் ‘CH4’ அல்லது ‘Natural Gas’ என்று இருந்தா, அது குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு அளவு வைக்கப்பட்டது. ‘LPG’, ‘C3H8’, ‘Propane’ என்று இருந்தாதான் நம்ம சிலிண்டருக்கு. ‘CO’ என்று மட்டும் இருந்தா, அது சரியா எரியாத அடுப்பு, ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கான அலாரம். சிலிண்டர் கசிஞ்சா அது கண்டுக்காது.

வித்தியாசம் பேரில் மட்டுமில்லை. இயற்கை எரிவாயு காற்றை விட லேசானது, மேலே போகும். சிலிண்டர் கேஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, தரையோடு தரையா பரவும். அதனால சிலிண்டர் வீட்டில் சென்சார் தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கணும்.

இப்ப மறுபடி போட்டோவைப் பாருங்க. டப்பாவின் முதுகிலேயே பிளக் பின் நீட்டிக்கிட்டு இருக்கா? நம்ம ஊர் கிச்சனில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கு? மிக்ஸி வைக்கிற மேடைக்கு மேல, நெஞ்சு உயரத்தில். அங்கே சொருகினா, கேஸ் காலடியில் தேங்கி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அதுக்குத் தெரியும். அதனால வயர் நீளமா இருக்கிற மாடல்தான் நமக்குத் தோது.

மூன்றாவது கேள்வி: என்ன தரம்னு சொல்லிக்குது?

நாம பார்க்கிற விளம்பரத்தின் தலைப்பில் ‘LPG / Natural Gas / CO’ என்று மூணையும் போட்டிருக்காங்க. பக்கத்தில் CE, RoHS, ISO 9001 என்று மூணு முத்திரை. பார்க்க கெத்தா இருக்கு இல்ல? ஒவ்வொண்ணா உரிச்சுப் பார்ப்போம்.

ISO 9001 கம்பெனியின் நிர்வாக முறைக்கான சான்று. இந்த டப்பா கேஸைக் கண்டுபிடிக்குமான்னு அது சொல்லாது. RoHS என்றால் ஈயம் மாதிரி நச்சுப் பொருட்கள் வரம்புக்குள் இருக்கு என்று அர்த்தம், அவ்வளவுதான். CE ஐரோப்பிய சந்தைக்கான குறி. இந்த மாதிரி கேஸ் டப்பாவில் அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே போட்டுக்கிற உறுதிமொழி. ஆக, மூணு முத்திரையும் சேர்ந்து ‘கேஸ் கசிஞ்சா கத்தும்’ என்று சொல்லவே இல்லை.

தேட வேண்டியது ஒரு எண்ணை. வீட்டு கேஸ் சென்சாருக்கு ஐரோப்பாவில் EN 50194, அமெரிக்காவில் UL 1484. வீட்டுப் புகை அலாரத்துக்கு EN 14604 அல்லது UL 217. பேனலோடு இணைக்கும் புகைக் கருவிக்கு EN 54-7 அல்லது UL 268. கார்பன் மோனாக்சைடுக்கு EN 50291 அல்லது UL 2034. கேஸ் சென்சார்னு விற்கிற பொருளில் EN 50291 மட்டும் இருந்தா, எண் உண்மையா இருந்தாலும் உங்களுக்கு அது தப்பான பொருள்.

எண் இருந்தா மட்டும் போதாது, அது உண்மையான்னும் பார்க்கணும். ஐ.எஸ்.ஐ முத்திரை இருந்தா, அதுக்கு மேலே IS எண்ணும் கீழே CM/L என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கணும். அந்த லைசென்ஸ் எண்ணை BIS Care ஆப்பில் போட்டா, எந்த கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்பது தெரியும். அது வேற பொருளுக்கான லைசென்ஸா இருந்தா, கதை முடிஞ்சுது. UL குறியை Product iQ தளத்தில் கம்பெனி பேர் போட்டுத் தேடலாம். EN 14604 புகை அலாரத்தில் CE-க்குப் பக்கத்தில் சோதனை அமைப்பைக் குறிக்கும் நாலு இலக்க எண் இருக்கணும். இல்லைன்னா சந்தேகப்படுங்க.

நம்ம டப்பா பாஸா, ஃபெயிலா?

விற்கிறவர் போட்ட படத்தில் பின்பக்கம் இல்லை. ரிவ்யூ பகுதிக்குப் போய், வாங்கினவங்க எடுத்த போட்டோக்களைப் பார்த்தா லேபிள் சிக்குது. அதில் இருப்பது: ‘Detecting gas: CH4. Alarm: 8% LEL’.

LEL என்பது காற்றில் கேஸ் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. அதில் 8 சதவீதத்திலேயே கத்தும் என்பது நல்ல விஷயம்தான். ஆனா, அந்தக் கணக்கு இயற்கை எரிவாயுவுக்கு. சிலிண்டர் கேஸுக்கும் இது கத்தக்கூடும், எந்த அளவில் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. EN 50194 எண்ணும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. படத்தை கூகுள் லென்ஸில் போட்டா, அதே டப்பா நாலஞ்சு வேற பிராண்ட் பேரில் வருது. பொருளைச் செஞ்சது யாருன்னே தெரியலைன்னா, சான்றிதழை யார் பேரில் தேடுவீங்க? ஃபெயில்!

கேஸ், தர எண், மாடல் எண் மூணும் லேபிளில் இருக்கிற பொருளா தேடுங்க. தெரியலைன்னா விற்கிறவரிடம் ‘பின்பக்க லேபிள் போட்டோ அனுப்புங்க’ன்னு கேளுங்க. சென்சாருக்கு ஆயுள் உண்டு, பல மாடல்களில் 5 வருஷம் மாதிரி. அதனால தயாரிப்பு தேதியையும் பாருங்க.

வாங்கி மாட்டியாச்சா? அம்மாவிடம் ஒண்ணு சொல்லிடுங்க. அலாரம் அடிச்சா அதைப் பிளக்கிலிருந்து பிடுங்கக் கூடாது. எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அந்தச் சின்னப் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு, ஜன்னலைத் திறந்துட்டு, வெளியே போய் 1906-க்கு போன் பண்ணணும்.