கேட்டது ஒருவர், கிடைத்தது இன்னொருவர் பக்கம்

2015 டிசம்பர் 25. வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் பண்டிகைத் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் நண்பகல் நெருங்கும் வேளையில், தங்கள் கணக்குப் பக்கத்தைத் திறந்த சிலருக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும், அவர் வாங்கிய கேம்களின் பட்டியலும் தெரிந்தன. சிலருக்குத் தளமே புரியாத மொழியில் வந்து நின்றது.

ஹேக்கர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பலரும் பதறினார்கள். உண்மையில் யாரும் புகவில்லை.

அன்று தளத்தை முடக்குவதற்காகப் போலிக் கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பும் தாக்குதல் நடந்தது. வழக்கமான தள்ளுபடி நாட்களைவிட 2,000 சதவீதம் கூடுதல் நெரிசல் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் கூறியது. சமாளிக்க, கேஷ் சேவை தரும் கூட்டாளி நிறுவனம் புதிய விதிகளை அமல்படுத்தியது. அவற்றில் ஒன்றுதான் தவறிப்போனது.

கேஷ் சர்வர் முதலில் கேட்டவருக்குப் போன பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதையே கொடுக்கும். இருவரும் கேட்பது ஒரே பக்கம்தானா என்பதை அது 'கேஷ் கீ' என்ற அடையாளத்தை வைத்து முடிவு செய்கிறது. பெரும்பாலும் அதில் இருப்பது இணைய முகவரி மட்டுமே. நீங்கள் யார் என்பதைச் சொல்லும் லாகின் குக்கீ அதில் சேராது. சேர்த்தால் ஆளுக்கொரு நகல் வைக்க வேண்டிவரும். கேஷ் இருந்தும் பயனில்லை.

எல்லோருக்கும் பொதுவான பக்கத்துக்கு இது சரி. ஆனால் 'என் கணக்கு' பக்கத்தின் முகவரியும் எல்லோருக்கும் ஒன்றுதானே! முதலில் ஒருவர் அதைத் திறக்கிறார். அவருக்கான பக்கம் நகலாகிவிடுகிறது. அடுத்த நொடி வேறொருவர் தன் குக்கீயுடன் வருகிறார். கேஷ் அந்தக் குக்கீயைப் பார்ப்பதே இல்லை. முதலாமவரின் பக்கத்தை எடுத்து நீட்டிவிடுகிறது. அசல் சர்வருக்கு இப்படி ஒருவர் வந்ததே தெரியாது.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இப்படிக் கை மாறியிருக்கலாம் என்று வால்வ் கணித்தது. சில பக்கங்களில் பில்லிங் முகவரியும், கடன் அட்டையின் கடைசி இரண்டு எண்களும் இருந்தன. கண்ணில் பட்டதே தவிர, அடுத்தவர் கணக்கில் யாராலும் பொருள் வாங்க முடியவில்லை. நகல் வெறும் படம் மாதிரி. உலாவியில் இருந்த குக்கீ அவரவருடையதுதான். பதிலோடு வரும் `Set-Cookie` வரியையும் கேஷ் சேமித்துவைத்தால் கதையே வேறு: அடுத்தவரின் லாகினே கைக்கு வந்துவிடும்.

இதற்கான தடுப்பு ஒற்றை வரிதான். தனிப்பட்ட பக்கத்தை அனுப்பும்போது சர்வர் இதைச் சேர்க்க வேண்டும்:

```
Cache-Control: private, no-store
```

ஆனால் நெரிசலில் அவசரமாக எழுதப்படும் கேஷ் விதி இந்த வரியையும் மீறும்படி அமையக்கூடும். அதனால் விதியை மாற்றியதும் இரண்டு கணக்குகளில் நுழைந்து ஒரே பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. கணக்குப் பக்கத்துக்கு வரும் பதிலில் `Age: 40` என்று இருந்தால், அது 40 நொடிகளுக்கு முன் உருவான நகல்; அதாவது, அந்தப் பக்கம் கேஷில் உட்கார்ந்திருக்கிறது.

வால்வ் அன்று கடையையே சிறிது நேரம் மூடி, விதிகளைத் திருத்தி, நகல்களை அழித்த பிறகே மறுபடி திறந்தது.