பரிந்துரைக் கடிதத்தில் எதை எழுதுவது?

"சார், புதுக் கம்பெனியில் ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா?" என்று உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் கேட்கிறார். தாராளமாகக் கொடு என்கிறீர்கள். இரண்டொரு நாளில் அந்தக் கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. பதில் எழுத உட்கார்ந்ததும் கை தானாகத் தட்டும்: கடின உழைப்பாளி, நேர்மையானவர், நேரம் தவறாதவர், எல்லோருடனும் நன்றாகப் பழகுவார்.

பெயரை மாற்றிவிட்டால் இந்தக் கடிதத்தை அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். அவர் தேடுவது, இவரோடு கூடவே இருந்து வேலையைப் பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை.

அந்தப் பெண் கணக்குப் பிரிவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி கட்டும் நிறுவனங்களுக்கு மாதாமாதம் ஒரு தலைவலி உண்டு. நமக்குச் சரக்கு விற்றவர் தன் விற்பனைக் கணக்கை 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான், 14ஆம் தேதி நமக்கு வரும் பட்டியலில் அந்த பில் இருக்கும். இல்லாவிட்டால் அந்த மாதம் அதற்கான வரிச் சலுகையை எடுக்க முடியாது. பெரும்பாலான அலுவலகங்களில் 14ஆம் தேதி பட்டியலைப் பார்த்த பிறகுதான் விற்றவருக்கு போன் போகும். இந்தப் பெண் 7ஆம் தேதியே போனை எடுத்தார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கடிதத்தில் அதை இப்படி எழுதலாம்:

"இவர் மூன்று ஆண்டுகளாக என் நேரடிப் பொறுப்பில் வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் மாதம் நாற்பது பில்களாவது பட்டியலில் விடுபட்டுப் போகும். தாமதமாகத் தாக்கல் செய்பவர்கள் யார் யார் என்று இவராகவே ஒரு பட்டியல் தயாரித்து, கெடு தேதிக்கு முன்பே அவர்களை அழைத்துப் பேசத் தொடங்கினார். ஆறு மாதத்தில் விடுபடுபவை பத்துக்கும் கீழே வந்தன. இதைச் செய்யும்படி நான் சொல்லவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். பொறுப்புணர்வு, முன்யோசனை என்ற சொற்கள் எங்குமே வரவில்லை, ஆனால் படிப்பவர் அவற்றைத் தானே எடுத்துக்கொள்வார். எண்கள் சரியாக நினைவில்லை என்றால் அந்தப் பெண்ணிடமே கேட்டு, அலுவலகக் கோப்பில் சரிபார்த்த பிறகு எழுதுங்கள். விற்பனையாளர்களின் பெயர், வரித் தொகை போன்றவை வெளியே போகக் கூடாதவை. அவற்றை விட்டுவிட்டாலும் கடிதம் வலுவிழக்காது.

குறையைச் சொல்லலாமா? பலர் தயங்கும் இடம் இது. ஒரு குறைகூட இல்லாத ஆளைப் பற்றிய கடிதத்தை யாரும் முழுதாக நம்புவதில்லை. "கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார், கேட்டால்தான் கருத்துச் சொல்வார். இந்த ஒரு வருடமாக மாத அறிக்கையை அவரே விளக்கும்படி விட்டிருக்கிறேன், தயக்கம் குறைந்திருக்கிறது" என்று எழுதினால் மேலே சொன்ன பாராட்டுக்கும் சேர்த்து எடை கூடும். ஆனால் அது உண்மையான குறையாக இருக்க வேண்டும். "அளவுக்கு மீறி உழைப்பார்" என்பதெல்லாம் குறையில் சேர்த்தி இல்லை.

அனுப்புவதற்கு முன் அலுவலக விதியை விசாரித்துவிடுங்கள். சில நிறுவனங்களில் பணிக்காலத்தையும் பதவியையும் மனிதவளத் துறை மட்டுமே உறுதிசெய்யலாம். மேலாளர் எழுதுவதென்றால் தனிப்பட்ட முறையில்தான். அனுமதி இருந்தால் அலுவலக முகவரியிலிருந்தே அனுப்புங்கள். எழுதியவர் அங்கே உண்மையிலேயே வேலை பார்க்கிறாரா என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். தலைப்பு வரியில் அவர் பெயரும் விண்ணப்பித்த பதவியும் இருந்தால் போதும். முந்நூறு சொற்களைத் தாண்ட வேண்டாம்.

"நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பது நம் அலுவலகங்களில் சகஜம். அப்படி எழுதுபவர் தன்னைப் பற்றித் தானே கூச்சத்தோடு பொதுப்படையாகத்தான் எழுதுவார். அதோடு, இரண்டு மேலாளர்களின் பெயரில் ஒரே நடையில் இரண்டு கடிதங்கள் போய்ச் சேரும் ஆபத்தும் இருக்கிறது. செய்த வேலைகளின் குறிப்பை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். ஏனென்றால் அடுத்து போன் வரலாம். "இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டு, உங்கள் குரல் தயங்குகிறதா என்று கவனிப்பார்கள். கடிதத்தில் இருப்பது நீங்கள் பார்த்ததாக இருந்தால் பதில் சொல்லச் சிரமமே இருக்காது.

எழுத உட்கார்ந்து எவ்வளவு யோசித்தும் ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லையா? "உன் வேலையை என்னைவிட நெருக்கமாகப் பார்த்தவரிடம் கேளம்மா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு ஆளைத் தேட அவருக்கு நேரமாவது கிடைக்கும்.