மலை இறங்கிய மறுநாள்

பழக்கமில்லாத உடற்பயிற்சியால் வரும் தசைவலி உடனே வருவதில்லை. பயிற்சி முடிந்து ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து மெல்லத் தொடங்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப், 1902ஆம் ஆண்டிலேயே விரல் தசைகளுக்கு வேலை கொடுத்து இதை ஆராய்ந்தார். வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் களைப்பு வலி வேறு, மறுநாள் வரும் வலி வேறு என்பதும், பின்னது தசைக்குள் ஏற்படும் கிழிசலால் வரக்கூடும் என்பதும் அவருடைய முடிவு.

ஆனாலும் பொதுவாகப் பழி விழுவது லாக்டிக் அமிலத்தின் மீதுதான். அது தசையில் தேங்கி நின்று மறுநாள் வலிக்க வைக்கிறது என்று பயிற்சியாளர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். இது தவறு. பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். 1983இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடியது, மறுநாள் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடவில்லை, வலி மட்டும் வந்தது.

சரிவில் இறங்குவதில் அப்படி என்ன இருக்கிறது? மலைப்படியில் ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, முழங்கால் சட்டென மடங்கிவிடாமல் உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடித்தபடியே நீள்கிறது. சுருங்க முயலும்போதே இழுபடுகிறது என்று சொல்லலாம். மூச்சு வாங்குவது ஏறும்போதுதான். இறங்குவது சுலபமாகவே தோன்றும். ஆனால் அந்தச் சுலபத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே பாரத்தைத் தூக்குவதைவிட இறக்குவதற்கு, உடல் குறைவான தசை இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. வேலை செய்யும் ஒவ்வோர் இழையின் மீதும் விழும் இழுவிசை அதனால் அதிகமாகிறது.

ஒவ்வொரு தசை இழைக்குள்ளும் சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 400 அலகுகள் அடங்கும். ஒவ்வோர் அலகிலும் மயோசின், ஆக்டின் என்ற இரு புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால்தான் தசை சுருங்குகிறது. இந்த அலகுகள் எல்லாம் ஒரே வலுவுடையவை அல்ல. பாரத்தோடு தசை நீளும்போது பலவீனமான அலகுகளே முதலில் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. அவற்றில் சில, தசை தளர்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சுவீடனில் 1981இல், மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் தசையிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அலகுகளைப் பிரிக்கும் நேர்கோட்டுச் சுவர்கள் பல இடங்களில் கலைந்து சிதறிக் கிடந்தன.

இந்தச் சேதம் பயிற்சியின்போதே நேர்கிறது. இறங்கி முடித்த உடனே தொடையின் வலு குறைந்திருப்பதும், கால்கள் நடுங்குவதும் அதற்கு அடையாளம். அப்படியானால் வலி ஏன் மறுநாளுக்குக் காத்திருக்கிறது? தசை இழைக்குள் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. அவை இழைகளைச் சுற்றியுள்ள உறையிலும் இணைப்புத் திசுவிலும்தான் இருக்கின்றன. சேதமடைந்த இடத்தில் கால்சியம் கசிந்து, பழுதான புரதங்களை வெட்டும் நொதிகளைத் தூண்டுகிறது. அடுத்த சில மணி நேரங்களில் வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன. நீர் கோத்து லேசாக வீங்குகிறது. பிராடிகினின் போன்ற வேதிப்பொருள்களின் தூண்டுதலால் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் தசையில் புதிதாக உற்பத்தியாகிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அந்தப் புரதம் நரம்பு முனைகளின் உணர்வைக் கூர்மையாக்கிவிடுகிறது. சாதாரணமாக வலிக்காத அழுத்தமும் அசைவும் அப்போது வலியாகத் தெரிகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இல்லாத வலி, நாற்காலியிலிருந்து எழும்போதும் தொடையை அமுக்கும்போதும் வருவது இதனால்தான்.

இரண்டு வாரம் கழித்து அதே மலையில் இறங்கினால் வலி மிகவும் குறைந்திருக்கும். ஒரே ஒரு முறை பட்ட அனுபவம் தசையைச் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்குக்கூடக் காக்கிறது. நரம்பு பாரத்தை அதிக இழைகளுக்குப் பகிர்ந்து தருவதும், இணைப்புத் திசு உறுதிப்படுவதும் இதற்குக் காரணங்கள்.

வலு கூடுவது இதிலிருந்து தனியான கதை. புதிதாக ஒருவர் 20 கிலோ எடையைத் தோளில் வைத்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டு பஸ்கி எடுக்கிறார் என்று கொள்வோம். முதல் வாரம் தொடை கடுமையாக வலிக்கும். மூன்றாவது வாரத்தில் வலி போய்விடும். 30 கிலோவையும் தூக்க முடியும். ஆனால் தொடையை அளந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்தக் கட்டத்தில் மாறியிருப்பது முக்கியமாக நரம்பு மண்டலம். அது முன்பு எழுப்பாத இழைகளையும் எழுப்புகிறது, கட்டளைகளை வேகமாக அனுப்புகிறது, எதிர்ப்பக்கத் தசையைத் தேவையின்றி இறுக்குவதை விட்டுவிடுகிறது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பயிற்சி பெறாத மறு கையிலும் ஓரளவு வலு கூடுவதை யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் 1894இலேயே காட்டியிருக்கிறார். நரம்பின் பங்குக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தசை பருப்பது ஒன்றிரண்டு மாதங்களில்தான் கண்ணுக்குத் தெரியும். இழையின் மீது விழும் இழுவிசையை உயிரணு உணர்ந்து புரத உற்பத்தியைக் கூட்டுகிறது. ஒரு பயிற்சியின் தாக்கம் ஒன்று முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். ஒவ்வொரு முறையும் சேரும் சிறிதளவு புதிய மயோசினும் ஆக்டினும் இழையைத் தடிமனாக்குகின்றன. 1961இல் அலெக்சாண்டர் மாரோ கண்டறிந்த துணை உயிரணுக்கள், இழையின் ஓரத்தில் உறங்கிக் கிடப்பவை, விழித்துப் பெருகி, பழுதைச் சரிசெய்து, இழைக்குப் புதிய உட்கருக்களைத் தருகின்றன. பாரம் அதே 20 கிலோவில் நின்றுவிட்டால் அது சில வாரங்களில் தசைக்குப் பழகிப்போகும், வளர்ச்சியும் நின்றுவிடும். எட்டு முறையும் சிரமமின்றி எடுக்க முடிந்த பிறகு இரண்டரைக் கிலோ கூட்டுவது போதும்.

வலித்தால்தான் தசை வளரும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை. முதல் சில பயிற்சிகளில் கூடும் புரத உற்பத்தியின் பெரும்பகுதி சேதத்தைச் சரிசெய்யவே செலவாகிறது. சேதம் குறைந்த பிந்தைய வாரங்களில்தான் அது வளர்ச்சிக்குப் போகிறது. வலியின் அளவு சேதத்தின் அளவைக்கூடச் சரியாகக் காட்டுவதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசையை நீட்டிவிடுவதால் இந்த வலி குறிப்பிடும்படி குறைவதுமில்லை. முதல் நாள் குறைவாகச் செய்வதே கைகண்ட வழி. வந்துவிட்ட வலிக்கு, மெல்லிய நடை அந்த நேரத்துக்குச் சற்று இதம் தரும்.

ஓர் அறிகுறியை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. கடுமையான வலியோடு தசை வீங்கி, வலுவிழந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். வெயிலில் நீர் குடிக்காமல், முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுப்பவர்களுக்கு இது நேர்வதுண்டு. அப்போது வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.