பதினொன்றாம் தேதிக்குள் ஒரு போன்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுபவருக்கு ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வயிற்றைக் கலக்கும். ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B பட்டியல் வரும் நாள் அது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் எவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும். 2022 ஜனவரி முதல், பில் கையிலேயே இருந்தாலும் அதில் ஏறாவிட்டால் கழிவு கிடையாது.

10 லட்சம் ரூபாய்க்கு நூல் வாங்கினால் 5 சதவீத வரி 50,000. மில்லில் யாரோ ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால், அந்த 50,000 பட்டியலில் வராது. 20-ம் தேதி கம்பெனி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மில் திருத்தினால் பிறகு கிடைக்கும்தான். ஆனால் சனிக்கிழமை சம்பளம் காத்திருக்குமா?

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. 14-ம் தேதி பட்டியலைப் பார்த்துவிட்டுப் போன் செய்வது வீண். மாதாமாதம் கணக்குக் காட்டுகிற சப்ளையருக்குக் கடைசி நாள் 11. ஸ்டிச்சிங், காம்பாக்டிங் செய்துதரும் சிறு ஜாப் ஒர்க்காரர்களில் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுபவர்கள். முதல் இரண்டு மாதங்களின் பில்களை அவர்கள் IFF வழியே 13-ம் தேதிக்குள் ஏற்றலாம். கட்டாயமில்லை என்பதால் ஏற்றாமலே விட்டுவிடுவார்கள். போனும் முதலாளிக்குப் போகக் கூடாது. அவர் "பார்த்துக்கலாம்ங்க" என்பார். அங்கே கணக்கு எழுதுபவரைப் பிடித்தால்தான் வேலை நடக்கும்.

சொந்தக் கணக்காளர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கக்கூடிய சேவை இதுதான். 5-ம் தேதிக்குள் டேலியிலிருந்து கொள்முதல் பட்டியலை எடுத்து, தளத்தில் இதுவரை ஏறியிருப்பதோடு ஒப்பிட்டு, ஏறாத பில்களுக்குப் போன் போட வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் வழக்கம்போல ஆடிட்டரிடமே இருக்கட்டும்.

விலை போகுமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. தெரிந்த ஒரு முதலாளியிடம் போன மாதத்தின் இரண்டு பட்டியல்களையும் வாங்கி, சிக்கியிருக்கும் வரியைக் கூட்டிக் காட்டலாம். சில நூறு ரூபாய்தான் சிக்கியிருக்கிறது என்றால் அவர் மாதக் கட்டணம் தர மாட்டார், தரவும் தேவையில்லை. பல ஊர்களில் நூல் வாங்கி, பத்துப் பதினைந்து ஜாப் ஒர்க் இடங்களில் வேலை கொடுப்பவர்தான் சரியான வாடிக்கையாளர்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்குபவர் ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. எந்தத் தேதியில் யாருக்குப் போன் செய்வது என்ற தொழிலறிவு அவருடையது. தன் கம்பெனி எந்த மில்லில் என்ன விலைக்கு நூல் வாங்குகிறது என்பது கம்பெனியுடையது. பக்கத்துக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கப் போவதற்கு முன், சொந்த முதலாளியிடம் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.